30 நாள் கடனை 15 நாளாகக் குறைக்கக் கேட்பது எப்படி? சிறு தொழில் நடத்துவோர் அறிய வேண்டிய சட்டமும் கணக்கும்

மும்பை: தாராவியில் தைக்கப்படும் தோல் பைகள் முலுண்ட் வழியாக ஐரோலி பாலத்தைக் கடந்து நவி மும்பைக்குச் செல்ல ஒரு முற்பகல் போதும். அந்தப் பைகளுக்கான பணம் திரும்பி வர ஒரு மாதமோ, அதற்கும் மேலோ ஆகிறது. பொருளை வாங்குபவரும் ஒரு சிறு நிறுவனம்தான் என்றால், "30 நாள் வேண்டாம், 15 நாளில் தாருங்கள்" என்று கேட்பது சங்கடமான காரியமாகிவிடுகிறது. கேட்டால் வாடிக்கை போய்விடுமோ என்ற அச்சம் ஒருபுறம், கேட்காவிட்டால் கூலிக்கும் வரிக்கும் கடன் வாங்க வேண்டிய நிலை மறுபுறம்.

எந்தக் காரணத்தைச் சொல்லிக் கேட்பது நியாயம், சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கிறது, வாங்குபவருக்கு அதனால் ஏற்படும் சுமையை எப்படிக் குறைப்பது என்பன குறித்து இந்தத் தொகுப்பில் காண்போம்.

சட்டம் சொல்வது என்ன?

குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன் 15-ஆவது பிரிவு, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ பெற்றவர் எப்போது பணம் தர வேண்டும் என்று கூறுகிறது. இருவருக்கும் இடையே எழுத்துபூர்வமான உடன்பாடு இருந்தால், அதில் குறிப்பிட்ட நாளுக்குள் தர வேண்டும். அந்தக் காலம் 45 நாட்களைத் தாண்டக் கூடாது. உடன்பாடு ஏதும் இல்லையென்றால், பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பணம் தந்துவிட வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். "எங்களுக்குள் எப்போதும் 30 நாள்தான்" என்பது வெறும் வாய்வழக்கமாக இருந்து, கொள்முதல் ஆணையிலோ பில்லிலோ கடிதத்திலோ எங்கும் எழுதப்படாமல் இருந்தால், சட்டத்தின் இயல்பான கணக்கு 15 நாள்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின 2011-ஆம் ஆண்டு தாமதக் கட்டண நெறிமுறையில்கூட, உடன்பாடு இல்லாத வணிகத்துக்கு 30 நாட்கள் அவகாசம் உண்டு. அந்த வகையில் இந்தியச் சட்டம் இன்னும் கண்டிப்பானது.

அதே வேளையில், கொள்முதல் ஆணையில் "30 நாட்கள்" என்று எழுதி இருவரும் ஏற்றிருந்தால் அது முழுக்கச் சட்டப்படி செல்லும். ஏற்கெனவே அனுப்பிய பொருளுக்கு அதை ஒருதலையாக மாற்ற முடியாது. புதிய ஆணைகளுக்கு மட்டுமே மாற்றத்தைக் கோர முடியும்.

இந்தச் சட்டப் பாதுகாப்பைப் பெற, விற்பவர் 'உத்யம்' தளத்தில் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருக்க வேண்டும். பொருளை அனுப்புவதற்கு முன்பே பதிவு இருப்பது நல்லது; பின்னர் பெற்ற பதிவை வைத்துப் பழைய நிலுவைகளைக் கோருவது வழக்குகளில் சிக்கலாகியுள்ளது. மேலும், பொருளை வாங்கி அப்படியே விற்கும் வணிகர்களுக்கு உத்யம் பதிவு 2021 ஜூலை முதல் வழங்கப்பட்டாலும், அது வங்கிகளின் முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டுமே பயன்படும். தாமதக் கட்டணப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்காது. பையைத் தைத்துத் தரும் பட்டறைக்கு உள்ள உரிமை, அதே பையை வாங்கி விற்கும் கடைக்கு இல்லை.

கேட்பதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

ஒப்பந்தத்தில் உள்ள நாள் ஒன்று, பணம் உண்மையில் வந்த நாள் வேறொன்று. ஆகவே கடைசி ஆறு பில்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று தேதிகளை எழுத வேண்டும்: பொருள் ஒப்படைத்த தேதி, பில் வாடிக்கையாளரின் கணக்காளர் கைக்குப் போன தேதி, வங்கிக் கணக்கில் பணம் வரவான தேதி.

ஆறு பில்களுக்கும் 29, 31, 30 என்று வந்திருந்தால், அந்த வாடிக்கையாளர் சொன்ன சொல்லைக் காப்பவர். அவரிடம் 15 நாள் கேட்பதில் பொருள் உண்டு. மாறாக 44, 51, 47 என்று வந்திருந்தால், ஒப்பந்தத்தில் 30 என்பதை 15 என மாற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. முதலில் 30 நாளை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்தப் பட்டியல் வேறொரு உண்மையையும் காட்டும். பொருள் 25-ஆம் தேதி போய், பில் அடுத்த மாதம் 3-ஆம் தேதி போயிருந்தால், எட்டு நாள் தாமதம் விற்பவருடையது. கொள்முதல் ஆணை எண் விடுபட்டது, ஜிஎஸ்டி எண் தவறானது, ஒப்புகைக் கையெழுத்து இல்லாதது போன்ற சிறு குறைகளால் திரும்பி வந்த பில்களும் அப்படியே. வாடிக்கையாளரிடம் 15 நாட்களைக் கேட்கும் முன் இந்த எட்டு நாட்களை விற்பவர் தாமே மீட்டுவிடலாம்.

நியாயமான காரணம் எது?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தாராவியில் உள்ள ஒரு தோல் பட்டறை, ஐரோலியில் நிறுவனங்களுக்குப் பரிசுப் பொருட்கள் வழங்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு மாதந்தோறும் 10-ஆம் தேதியும் 25-ஆம் தேதியும் தலா 100 மடிக்கணினிப் பைகளை அனுப்புகிறது என்று கொள்வோம். பை ஒன்றுக்கு விலை 1,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ஒவ்வொரு பில்லும் 1,18,000 ரூபாய். தோல், உட்துணி, ஜிப் ஆகியவற்றுக்கு வரி உட்பட 61,000 ரூபாய். கூலி 22,000 ரூபாய். வாடகை, மின்சாரம், வண்டிச் செலவு 8,000 ரூபாய். மூலப்பொருளுக்குச் செலுத்திய வரியில் 6,000 ரூபாயைக் கழித்துக்கொண்டால், அரசுக்குச் செலுத்த வேண்டிய ஜிஎஸ்டி 12,000 ரூபாய்.

ஜூன் 25-ஆம் தேதி அனுப்பிய பைகளுக்கு 30 நாள் கணக்கில் ஜூலை 25-ஆம் தேதி பணம் வரும். ஆனால் மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் பட்டறை, ஜூன் மாத ஜிஎஸ்டியை ஜூலை 20-ஆம் தேதிக்குள் செலுத்தியாக வேண்டும். பில் போட்ட மாதத்தை வைத்தே வரி கணக்கிடப்படுகிறது. பணம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே வாடிக்கையாளரிடமிருந்து ஒரு ரூபாய்கூட வராத நிலையில், தோல் வியாபாரிக்கும் தொழிலாளர்களுக்கும் கொடுத்ததோடு இந்த 12,000 ரூபாயையும் சேர்த்து மொத்தம் 1,03,000 ரூபாய் பட்டறையின் கையிலிருந்து போய்விடுகிறது.

மறுபக்கத்தில், பட்டறை தனது விற்பனை விவரத்தை ஜூலை 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தவுடன், அந்த 18,000 ரூபாய் வரி வாடிக்கையாளரின் கணக்கில் உள்ளீட்டு வரி வரவாகத் தெரிகிறது. அவர் அதை ஜூலை 20-ஆம் தேதி தனது வரியில் கழித்துக்கொள்ளலாம். அதாவது, இன்னும் விற்பவருக்குத் தராத வரித் தொகையின் பலனை வாங்குபவர் ஐந்து நாட்களுக்கு முன்பே அடைந்துவிடுகிறார்.

15 நாள் தவணையானால் ஜூன் 25-ஆம் தேதி பில்லுக்கான பணம் ஜூலை 10-ஆம் தேதி வந்துவிடும். வரி செலுத்த வேண்டிய நாளுக்குப் பத்து நாள் முன்பு. இதுவே நியாயமான காரணத்தின் இலக்கணம்: தேதி குறிப்பிட்டது, வாங்குபவர் தாமே சரிபார்க்கக் கூடியது, இரு தரப்பின் கணக்கையும் காட்டுவது. வாரந்தோறும் சனிக்கிழமை கூலி தர வேண்டியிருப்பதும், தோல் வியாபாரி பத்து நாளுக்கு மேல் கடன் தராததும் இதே வகையைச் சேர்ந்தவை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. இதே பட்டறையின் 10-ஆம் தேதி பில்லுக்கு ஜிஎஸ்டி காரணம் பொருந்தாது. 30 நாள் கணக்கிலும் அதன் பணம் வரித் தேதிக்கு முன்பே வந்துவிடும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு உட்பட்டவர்கள் காலாண்டுக் கணக்கு முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், காலாண்டின் முதல் இரு மாதங்களுக்கு வரி செலுத்தும் நாள் 25-ஆம் தேதி. ஆகவே தமது தேதிகளைச் சரிபார்த்த பிறகே இந்த வாதத்தை முன்வைக்க வேண்டும்.

"தோல் விலை ஏறிவிட்டது" என்பது விலையைப் பற்றிய பேச்சு, தவணைக்குக் காரணமாகாது. "மற்ற எல்லோரும் 15 நாளில் தருகிறார்கள்" என்பது உண்மையாக இல்லாவிட்டால், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒருவரை ஒருவர் அறிந்த வணிக வட்டத்தில் அது சில நாட்களிலேயே வெளிப்பட்டுவிடும்.

வாங்குபவருக்கு விழும் இரட்டைச் சுமை

15 நாள் கோரிக்கையை வாடிக்கையாளர் மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணமாக அமைவது மாறும் மாதம்தான். ஜூன் 25-ஆம் தேதி பில்லுக்குப் பழைய கணக்குப்படி ஜூலை 25-ஆம் தேதி பணம் தர வேண்டும். ஜூலை 10-ஆம் தேதி பில்லைப் புதிய 15 நாள் கணக்குக்கு மாற்றினால், அதற்கும் ஜூலை 25-ஆம் தேதியே பணம் தர வேண்டும். ஒரே நாளில் 2,36,000 ரூபாய். அடுத்தடுத்த மாதங்களில் இந்த நெருக்கடி இராது. என்றாலும் அந்த ஒரு நாளை எண்ணியே பலர் மறுத்துவிடுகின்றனர்.

இதற்குப் படிப்படியான மாற்றம் தீர்வாகும். ஜூலை 10-ஆம் தேதி பில்லுக்கு 25 நாள், ஜூலை 25-ஆம் தேதி பில்லுக்கு 20 நாள், ஆகஸ்ட் 10-ஆம் தேதி முதல் 15 நாள் என்று குறைத்தால், பணம் தரும் நாட்கள் ஜூலை 25, ஆகஸ்ட் 4, ஆகஸ்ட் 14, ஆகஸ்ட் 25, செப்டம்பர் 9 என்று அமையும். எந்த நாளிலும் இரண்டு பில்கள் ஒன்றாக வந்து விழாது. இடையில் மூன்று முறை மட்டும் 15 நாள் இடைவெளி 10 அல்லது 11 நாளாகச் சுருங்குகிறது. இந்தத் தேதிகளை எழுதிக் கொடுத்துக் கேட்பவருக்கும், "அடுத்த மாதத்திலிருந்து 15 நாள்" என்று மட்டும் சொல்பவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இராது.

தள்ளுபடி தரலாமா?

விரைந்து பணம் தந்தால் ஒரு சதவீதம் தள்ளுபடி என்பது பரவலான வழக்கம். அதன் உண்மையான விலையைக் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் வங்கியில் மிகைப்பற்று வசதி உள்ள பட்டறைக்கு, ஒரு லட்சம் ரூபாயை 15 நாட்களுக்குப் பெறும் செலவு ஏறக்குறைய 493 ரூபாய். ஒரு சதவீதத் தள்ளுபடியோ 1,000 ரூபாய். 15 நாட்களுக்கு ஒரு சதவீதம் என்பது ஆண்டுக்கு 24 சதவீத வட்டி தருவதற்கு ஒப்பாகும்.

ஆகவே வங்கிக் கடன் வசதி உள்ளவர் அரை சதவீதத்துக்கு மேல் தருவது இழப்பு. வங்கி வசதியின்றி வெளியே மாதம் இரண்டு, மூன்று சதவீத வட்டிக்குக் கடன் வாங்குபவருக்கு ஒரு சதவீதம்கூட இலாபமாக அமையலாம். தள்ளுபடி தருவதாக இருந்தால் அதைப் பொருள் அனுப்பும் முன்பே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையெனில் அந்தத் தொகைக்கான ஜிஎஸ்டியைக் குறைத்துக்கொள்வதில் சிக்கல் எழும்.

கடிதம் எப்படி அமைய வேண்டும்?

முதலில் உரிமையாளரிடம் தொலைபேசியிலோ நேரிலோ பேசிவிட்டு, பிறகு கடிதம் அனுப்புவதே முறை. "அண்ணாச்சி, பணம் தரும் நாள் பற்றி ஒரு வேண்டுகோள் இருக்கிறது, கணக்கோடு எழுதி அனுப்புகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்ற அளவில் பேச்சு போதும். நெருக்கடியைச் சொல்லி இரக்கம் தேடினால், பட்டறை தொடர்ந்து நடக்குமா என்ற ஐயமே வாடிக்கையாளருக்கு எழும். கடிதம் பின்வருமாறு அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். கடந்த ஆறு பில்களுக்கும் தாங்கள் 30 நாளையொட்டிப் பணம் அனுப்பியுள்ளீர்கள், நன்றி. ஒவ்வொரு மாதமும் 25-ஆம் தேதி அனுப்பும் பைகளுக்கான ஜிஎஸ்டியை, தங்களிடமிருந்து பணம் வருவதற்கு ஐந்து நாள் முன்பே நாங்கள் செலுத்த வேண்டியுள்ளது. தோலுக்குப் பத்து நாளிலும் கூலிக்கு வாரந்தோறும் பணம் தருகிறோம். ஆகவே ஜூலை 10-ஆம் தேதி முதல் அனுப்பும் பொருட்களுக்குத் தவணையை 25 நாள், 20 நாள், 15 நாள் என்று படிப்படியாகக் குறைத்துத் தர வேண்டுகிறோம். தேதிகள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. பழைய பில்களுக்கு 30 நாளே தொடரும். எங்கள் தரப்பில், பொருள் வந்து சேரும் அன்றே பிழையற்ற பில்லைத் தருகிறோம். 15 நாள் தவணை தொடரும் வரை டிசம்பர் வரை விலையை உயர்த்த மாட்டோம். இது தங்களுக்கு இயலாது எனில், எத்தனை நாள் இயலும் என்று தெரிவிக்க வேண்டுகிறோம்."

வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால், "பொருளை ஏற்ற நாளிலிருந்து 15 நாட்கள்" என்ற சொற்றொடர் அடுத்த கொள்முதல் ஆணையில் இடம்பெற வேண்டும். "பில் கிடைத்த நாளிலிருந்து" என்றோ "மாத இறுதியிலிருந்து" என்றோ எழுதினால் 15 நாள் மீண்டும் 25 நாளாக நீளும். அவர் வெள்ளிக்கிழமை மட்டுமே பணம் அனுப்புபவரா என்பதையும் கேட்டறிய வேண்டும். அப்படியானால் "15-ஆவது நாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை" என்று எழுதிக்கொள்வது தெளிவு.

சட்டத்தை எப்போது சொல்வது?

தாமதமானால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகத் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. வங்கி வீதம் 6 சதவீதமாக இருந்தால் வட்டி 18 சதவீதம். 1,18,000 ரூபாய்க்கு ஒரு மாதத் தாமதத்தின் வட்டி 1,770 ரூபாய். இந்தத் தொகைக்காக நல்ல வாடிக்கையாளர் மீது மாநில வசதிப்படுத்தும் மன்றத்தில் முறையிடுவது பெரும்பாலும் பலன் தராது. மாதக்கணக்கில் நிலுவை வைத்துத் தொலைபேசியையும் எடுக்காதவருக்கே அந்த வழி ஏற்றது.

வருமான வரி விதி வாங்குபவருக்கு நேரடியாகத் தொடர்புடையது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 43பி(எச்) பிரிவின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு மேற்கண்ட காலத்துக்குள் தராத தொகையை, அது உண்மையில் தரப்பட்ட நிதியாண்டின் செலவாகவே காட்ட முடியும். எனவே எழுத்து உடன்பாடு இல்லாத நிலையில், மார்ச் மாதப் பில்களுக்கு 15 நாள் கணக்கு வாங்குபவரின் வரியையும் பாதிக்கும். விற்றுமுதலில் குறிப்பிட்ட சதவீதத்தை இலாபமாகக் காட்டும் எளிய முறையில் வரி செலுத்தும் சிறு வாடிக்கையாளருக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. இதைக் கடிதத்தில் எழுதினால் மிரட்டலாகத் தோன்றும். கணக்காளர்கள் தமக்குள் பேசும்போது குறிப்பிட்டால் தகவலாக அமையும்.

மறுத்தால் என்ன செய்வது?

ஐரோலியில் உள்ள சிறு நிறுவனம், தான் பொருள் தரும் பெரிய நிறுவனத்திடமிருந்து 60 நாளில் பணம் பெறுவதாக இருந்தால், 15 நாளில் தர இயலாது என்று அது சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அப்போது பாதித் தொகை 15 நாளிலும் மீதி 30 நாளிலும் என்று கேட்கலாம். 25-ஆம் தேதி பில்லுக்கு மட்டும் 20 நாள் என்று கேட்டால், ஜூலை 15-ஆம் தேதியே பணம் வந்து வரிச் சிக்கல் தீர்ந்துவிடும். அல்லது மூலப்பொருளின் விலையான 61,000 ரூபாயை மட்டும் முன்னதாகத் தரக் கேட்கலாம்.

வாடிக்கையாளரின் நெருக்கடிக்கும் ஒரு வழி உண்டு. பெரிய நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட சிறு நிறுவனங்களின் பில்களுக்கு வங்கிகள் முன்கூட்டியே பணம் தரும் 'ட்ரெட்ஸ்' மின்னணுத் தளங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியுடன் இயங்குகின்றன. ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள நிறுவனங்கள் அவற்றில் இணைவதை மத்திய அரசு கட்டாயமாக்கியுள்ளது. ஐரோலி நிறுவனம் தனது பெரிய வாடிக்கையாளரின் பில்லை அங்கு பணமாக்க முடிந்தால், தாராவிப் பட்டறைக்கு 15 நாளில் தர அதற்குத் தடை இராது.

மூன்று மாதம் கழித்து அதே மூன்று தேதிப் பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். பணம் வரும் நாள் 15, 16 என்று நிலைத்திருந்தால் மாற்றம் நடைமுறைக்கு வந்துவிட்டது. 22, 24 என்று நீண்டிருந்தால், தாமதம் பில் சென்று சேர்வதில் நேர்ந்ததா, பணம் அனுப்புவதில் நேர்ந்ததா என்பதை இரண்டாவது தேதி காட்டிவிடும்.